தொட்டி குளிர்ந்தால் செடி பிழைக்கும்

மே மாதத்தில் பால்கனியில் ஒரு செடி வாடினால் நம் கண் முதலில் இலைக்குத்தான் போகிறது. இலை தொங்குகிறது, ஓரம் கருகுகிறது, உடனே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் பால்கனிச் செடிக்கு வெயிலால் வரும் பெரிய ஆபத்து இலையில் இல்லை, வேரில் இருக்கிறது. தரையில் வளரும் செடிக்கு மேல் மண் எவ்வளவு சுட்டாலும் ஓர் அடி ஆழத்தில் வேர் குளிர்ச்சியாகவே இருக்கும். தொட்டிச் செடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மேலிருந்து வெயில், பக்கவாட்டில் சுடும் தொட்டிச் சுவர், அடியில் கொதிக்கும் டைல்ஸ். வேர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு சாண் தூரத்தில் சூடு காத்திருக்கிறது.

நேரடி வெயில் படும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில், வெயில் படும் பக்கத்து மண் 50 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர்கள் 40 டிகிரியை நெருங்கும்போதே வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் நுனி வேர்கள் செத்துப்போகும். தண்ணீரை உறிஞ்சுவது அந்த நுனி வேர்கள்தான். எனவே மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் மேலும் தண்ணீர் ஊற்றினால், செத்த வேர் அழுகத் தொடங்கும். கோடையில் பல செடிகள் போவது இப்படித்தான்.

நிழல்வலை, தொட்டிகளைச் சேர்த்து வைப்பது, நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது என்று மூன்று வழிகளைத் தோட்டக்காரர்கள் சொல்வார்கள். தொட்டியைச் சூடேறாமல் காப்பதுதான் மூன்றுக்கும் நோக்கம். அதை மனதில் வைத்துக்கொண்டால் வலையை எங்கே கட்டுவது, எந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

வெயில் எந்த வழியாக வருகிறது?

சென்னை முகப்பேரில் என் சித்தியின் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பால்கனி மேற்குப் பார்த்தது. பத்தடி நீளம், நாலடி அகலம், தரையிலிருந்து மேல்தளம் வரை எட்டடி உயரம். சிமென்ட் தொட்டியில் குண்டுமல்லி, இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில் மிளகாயும் தக்காளியும் செம்பருத்தியும், மண் தொட்டியில் துளசி, அகலமான தட்டுத் தொட்டியில் புதினா. நகரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கும் அதே பால்கனிதான்.

போன கோடையில் சித்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "மண்ணு ஈரமாத்தான் இருக்கு. ஆனா மிளகாய் இப்படித் தொங்குது. இன்னும் எவ்வளவுதான் ஊத்துறது, சொல்லு?" மதியம் மூன்று மணி இருக்கும். "தொட்டியைத் தொட்டுப் பாருங்க சித்தி" என்றேன். கறுப்புத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். கிழக்குப் பக்கம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்தச் செடியை மெல்லச் சாய்த்து மண்ணோடு உருவிப் பார்த்தோம். கிழக்குப் பக்கம் வெள்ளை வேர்கள் வலைபோலப் பின்னியிருந்தன. மேற்குப் பக்கம் வேர்கள் பழுப்பேறி, விரலால் தொட்டதும் உதிர்ந்தன.

மேற்குப் பால்கனியில் காலையில் வெயில் கிடையாது. மே மாதத்தில் பகல் ஒரு மணிக்குச் சூரியன் இன்னும் உச்சிக்கு அருகில் இருப்பதால் எட்டடி உயரத் திறப்பின் வழியாக ஏறக்குறைய இரண்டடிதான் உள்ளே வரும். இரண்டு மணிக்கு அது பின்சுவரைத் தொட்டுவிடும். மூன்று மணிக்குப் பால்கனியில் வெயில் படாத இடமே இருக்காது. நாலு மணிக்குமேல் சூரியன் தாழ்ந்துவிடுவதால், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே புகுந்து நேராகத் தொட்டியின் வயிற்றில் அடிக்கும். பலர் பால்கனியின் மேல்பாதியில் மட்டும் வலையைக் கட்டிவிட்டு, பிறகும் செடி வாடுகிறதே என்று குழம்புவது இதனால்தான். தொட்டியைச் சுடும் வெயில் கீழ்ப்பாதி வழியாக வருகிறது.

திசையில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னையின் நேர் உச்சியைக் கடந்து வடக்கே போகிறது. ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து விழும். ஆகவே இந்த மாதங்களில் தெற்குப் பால்கனிக்கு நேரடி வெயில் குறைவு. வருடம் முழுவதும் நிழலாக இருந்த வடக்குப் பால்கனியில் திடீரென்று வெயில் அடிக்கும். அங்கே வைத்திருக்கும் பெரணி, மணி பிளான்ட் போன்றவை ஒரே வாரத்தில் வெளிறிப்போகும். மேற்குப் பால்கனியிலும் வெயில் நேர் மேற்கிலிருந்து வராமல், வடமேற்கு மூலையிலிருந்து வரும். வலையை வாங்கும்போது அந்த மூலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வானிலை மையம் சொல்லும் வெப்பநிலை, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் அளந்தது. கடலோர ஊர்களில் அது 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால் வெப்ப அலை என்கிறார்கள். சென்னையில் கடற்காற்று நண்பகலுக்குள் நுழைந்துவிட்டால் சூடு அங்கேயே நின்றுவிடும். அது தாமதமாகி, மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும் நாள்கள்தான் கொடுமை. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அந்த மேற்குக் காற்று முதலில் மோதுவது மேற்குப் பால்கனியில். அந்த நேரத்துக் காற்று செடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும்.

வலை: எத்தனை சதவீதம், எப்படிக் கட்டுவது?

கடைகளில் ஷேட் நெட் என்றோ பச்சை வலை என்றோ கேட்டால் கிடைக்கும். 35, 50, 75, 90 என்று சதவீதக் கணக்கில் விற்பார்கள். 50 சதவீத வலை என்றால் வெயிலில் பாதியைத் தடுக்கும் என்று பொருள். அதிகம் தடுப்பதுதான் நல்லது என்று 90 சதவீதத்தை வாங்கிவிடாதீர்கள். அதற்குள் மிளகாயும் தக்காளியும் ஒளிக்காக ஏங்கி, நெடுநெடுவென்று மெலிந்து வளரும். பூ வைக்காது. காய்கறி, பூச்செடிகளுக்கு 50 சதவீதம் போதும். பெரணி, மணி பிளான்ட் போன்ற இலைச்செடிகள் மட்டும் இருக்கும் பால்கனிக்கு 75 சதவீதம் சரி.

சித்தியின் பால்கனிக்கு 50 சதவீத வலையை 12 அடிக்கு 9 அடி என்று வாங்கினோம். திறப்பு பத்துக்கு எட்டுதான். மீதி அளவு, வடக்குப் பக்கம் மடித்துக் கட்டவும் ஓரத்தைத் தடிமனாக்கவும். வலையின் ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, அந்த மடிப்பின் வழியாகக் கேபிள் டையைக் குத்திக் கட்ட வேண்டும். ஒற்றை ஓரத்தில் கட்டினால் முதல் கோடை மழைக் காற்றிலேயே கிழிந்துவிடும்.

கட்டும்போது மூன்று விஷயங்களைப் பார்த்தோம். முதலாவது, மேல்தளத்துக்கும் வலைக்கும் நடுவே அரையடி இடைவெளி விட்டோம். உள்ளே சேரும் வெப்பக்காற்று மேலெழுந்து அந்த வழியாக வெளியேறும். இடைவெளி இல்லாமல் நாலு பக்கமும் இழுத்து மூடினால் பால்கனி புழுக்கம் நிறைந்த அறையாகிவிடும். இரண்டாவது, வலைக்கும் இலைக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடம் விட்டோம். வெயிலில் வலையும் சூடேறும், அதிலும் கறுப்பு வலை நன்றாகவே சுடும். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தளிர் கருகும். மூன்றாவது, வலை தரைவரை இறங்கியது. கீழ் ஓரத்தில் ஒரு மெல்லிய பிவிசி குழாயைக் கோத்துவிட்டதால், அது காற்றில் படபடக்காமல் தொங்கியது. அந்தக் குழாயோடு சேர்த்துச் சுருட்டி மேலே கட்டவும் வசதியாக இருந்தது.

சுருட்டும் வசதி முக்கியம். மேற்குப் பால்கனிக்கு முற்பகலில் நேரடி வெயில் இல்லை, வானத்தின் ஒளி மட்டுமே. அந்த ஒளியையும் வலையால் பாதியாக்கினால் செடிக்குச் சாப்பாடு குறைந்துவிடும். சித்தி காலையில் வலையைச் சுருட்டிக் கட்டிவிடுவார். பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் இறக்குவார். ஐந்து மணிக்குமேல் வெயில் மஞ்சளாகி வலுவிழந்ததும் மறுபடி ஏற்றிவிடுவார். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும்போதே இறக்கிவிட்டுப் போகலாம். 50 சதவீத வலை என்றால் அதனால் பெரிய நட்டம் வராது. விடுமுறை நாள்களில் காலை ஒளியைக் கொடுத்தால் போதும்.

வலை வாங்க முடியாதவர்கள் பழைய வெள்ளை வேட்டியையோ பருத்திப் புடவையையோ ஒற்றை மடிப்பாகக் கட்டலாம். மூங்கில் தட்டி இருந்தால் அதுவும் ஆகும். ஆனால் அது ஒளியை அதிகம் தடுக்கும் என்பதால் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும் இறக்கி வைப்பது நல்லது.

யாருக்கு யார் நிழல்?

வலை வெயிலைப் பாதியாக்கியது. மீதிப் பாதி தொட்டிச் சுவரில் படாமல் பார்த்துக்கொள்வது தொட்டிகளை அடுக்கும் முறையில் இருக்கிறது. தொட்டிகளைச் சேர்த்து வைத்தால் ஈரப்பதம் கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இலைகள் விடும் நீராவியால் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் காற்று வீசும் திறந்த பால்கனியில் அது நெடுநேரம் தங்காது. ஒரு தொட்டியின் சுவருக்கு இன்னொரு தொட்டி நிழல் தருவதுதான் உண்மையான லாபம்.

எனவே கைப்பிடியை ஒட்டிய முதல் வரிசையில், வெயிலை விரும்பும் செடிகளையும் தடித்த சுவருள்ள தொட்டிகளையும் வைத்தோம். சிமென்ட் தொட்டிக் குண்டுமல்லியும் வாளிக் கறிவேப்பிலையும் அங்கே போயின. காகிதப்பூ, அரளி, கற்றாழை வைத்திருப்பவர்கள் அவற்றையும் இந்த வரிசையில் நிறுத்தலாம். இரண்டாம் வரிசையில் மிளகாய், தக்காளி, செம்பருத்தி. அவற்றின் கறுப்புத் தொட்டிகளுக்கு முன்வரிசைத் தொட்டிகள் மறைப்பு. மூன்றாவதாக, இந்த இரண்டின் நிழலில், துளசியும் புதினாவும். தொட்டிகள் ஒன்றோடொன்று உரசும்படி நெருங்கி இருக்கலாம். இலைகள் நெருக்கியடிக்கக் கூடாது, நடுவே காற்றுப் போக வேண்டும்.

மூன்று வரிசைக்குப் பின்னால், சுவரிலிருந்து ஓரடி விட்டோம். மேற்குச் சுவர் மதியமெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவு பத்து மணிவரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். இரவிலாவது வேர் குளிர வேண்டும். சுவரை ஒட்டிய தொட்டிக்கு அந்த ஓய்வு கிடைக்காது. தரையும் அப்படித்தான். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் இரண்டு செங்கல்லோ மரப்பலகைத் துண்டோ வைத்தால் டைல்ஸின் சூடு நேராக ஏறாது. தண்ணீர் வடியவும் வழி கிடைக்கும்.

பால்கனியின் தெற்கு மூலையில் ஏசியின் வெளி யூனிட் நின்றிருந்தது. செம்பருத்தி அதற்கு நேரெதிரே இருந்தது. அதன் இலைகள் ஒரு பக்கம் மட்டும் சுருண்டு காய்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். அந்த விசிறி தள்ளும் காற்று சூடானது, வறண்டது. எந்த நேரமும் ஈரத்தை இழுக்கும். யூனிட்டின் முகத்துக்கு எதிரே நாலைந்து அடிக்குள் எந்தச் செடியும் வேண்டாம். செம்பருத்தியை நகர்த்துவதற்கு முன் இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். வறண்ட வெயிலில் மாவுப்பூச்சியும் சிவப்புச் சிலந்தியும் பெருகும். பூச்சி பிடித்த செடியைக் கூட்டத்தில் சேர்த்தால் ஒரு வாரத்தில் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். அப்படிப்பட்டதைக் குணமாகும்வரை தனியே வைக்க வேண்டும்.

நகர்த்த முடியாத கறுப்புத் தொட்டிகளைச் சாக்கால் சுற்றிக் கட்டலாம். இன்னும் நல்லது, அதைவிடப் பெரிய மண் தொட்டிக்குள் அதை இறக்கி, நடுவில் இருக்கும் இடத்தைத் தேங்காய் நாரால் அடைத்து ஈரமாக வைப்பது. மண்ணின் மேற்பரப்பில் இரண்டு அங்குல உயரத்துக்குக் காய்ந்த இலையையோ தேங்காய் நாரையோ பரப்பினால் மண் சீக்கிரம் காயாது. தண்டைச் சுற்றி இரண்டு விரற்கடை மட்டும் வெறுமனே விட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

தண்ணீருக்கு எது நேரம்?

காலை ஆறு மணிக்கு முன்னும் பின்னும்தான் சிறந்த நேரம். இரவெல்லாம் ஆறிய தொட்டி அப்போதுதான் மிகவும் குளிர்ந்திருக்கும். வெளிச்சம் வந்ததும் இலைத் துளைகள் திறந்து செடி தண்ணீரை இழுக்கத் தொடங்கும். மதிய வெயில் வருவதற்குள் தண்டும் இலையும் நீரால் நிறைந்துவிடும். நனைந்த இலையும் விரைவில் காய்ந்துவிடுவதால் பூஞ்சை பிடிக்காது.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்கில் மதியத் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். மாலை ஏழு மணிக்குக் குழாயைத் திறந்தாலும் முதலில் வருவது வெந்நீர்தான். சூடேறிய தொட்டியில் அதை ஊற்றினால் வேர்களுக்கு மேலும் துன்பம். காலையில் அதே குழாயில் குளிர்ந்த தண்ணீர் வரும். மாலையில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள், காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து மூடி வீட்டுக்குள் வைத்துவிட்டு, தொட்டி ஆறியபின் இலையில் படாமல் மண்ணுக்கு மட்டும் ஊற்றலாம்.

பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர் கணக்கு. அடித்துளையில் தண்ணீர் கசியும்வரை ஊற்ற வேண்டும். மேலே மட்டும் நனையும்படி தினமும் தெளித்தால் வேர் மேலேயே தங்கி, முதலில் சுட்டுப்போகும். ஆனால் ஊற்றிய உடனே தண்ணீர் அடியில் கொட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்த மண் சுருங்கி, தொட்டிச் சுவரிலிருந்து விலகிவிடும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுமண் காய்ந்தபடியே இருக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடை கூடியிருக்காது. அந்தத் தொட்டியை அகலமான டப்பில் நாலு அங்குலத் தண்ணீரில் அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். மண் அடியிலிருந்து உறிஞ்சி உப்பிக்கொள்ளும். தூக்க முடியாத பெரிய தொட்டிக்குப் பாதித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மீதியை ஊற்றலாம். தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேரும் அழுகும், கொசுவும் பெருகும்.

ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பெருகியிருக்கிறது. கோடையில் அதை நிறுத்திவிடுவது நல்லது. அதில் உப்பு அதிகம். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மண்ணிலேயே சேரும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவமும், இலை நுனியில் பழுப்புக் கருகலும் அதன் அடையாளம்.

வாடிய செடி என்ன சொல்கிறது?

மதியம் வாடிய செடி இரவுக்குள் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். வெயிலின் உச்சத்தில் இலை இழக்கும் அளவுக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேர் அடிபட்டிருக்கிறது. அப்போது தண்ணீரைக் குறைத்து, செடியை நிழலுக்கு மாற்றிப் புது வேர் விடும்வரை காத்திருப்பதுதான் வழி.

மதியத்திலேயே மண் எலும்பாகக் காய்ந்து செடி துவண்டிருந்தால், மாலைவரை பொறுக்க வேண்டியதில்லை. முதலில் நிழலுக்கு நகர்த்தி, வீட்டுக்குள் வைத்திருந்த குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றலாம். இலையில் விழுந்த துளி பூதக்கண்ணாடியாகி இலையை எரிக்கும் என்ற பயம் பொதுவாகத் தேவையற்றது. வழவழப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன.

கருகிய இலைகளை வெப்ப அலை முடியும்வரை வெட்டாதீர்கள். காய்ந்த இலையும் கீழிருக்கும் தளிருக்கு நிழல்தான். உரம் வைப்பது, தொட்டி மாற்றுவது, கவாத்து செய்வது எல்லாவற்றையும் ஒத்திப்போடுங்கள். துன்பத்தில் இருக்கும் வேருக்கு உரம் கூடுதல் சுமை.

இத்தனை செய்தாலும் சில விஷயங்கள் நம் கையில் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாதபோது தக்காளியின் மகரந்தம் பழுதாகிப் பூக்கள் உதிரும். வலை அதைத் தடுக்காது. சித்தியின் தக்காளியும் மே முழுக்கப் பூத்துப் பூத்து உதிர்த்தது. மிளகாயின் கிழக்குப் பக்க வேர்கள் செடியைக் காப்பாற்றிவிட்டன, ஜூன் கடைசியில் அது புதுத் தளிர் விட்டது. கோடையில் செடியை உயிரோடு வைத்திருந்தால் போதும், காய்ப்பதை அது பிறகு பார்த்துக்கொள்ளும்.

வெயில் தணிந்ததும் வலையை ஒரே நாளில் கழற்றிவிடாதீர்கள். நிழலுக்குப் பழகிய இலை திடீர் வெயிலில் வெளிறிக் கருகும். முதலில் இறக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுங்கள், பன்னிரண்டரைக்குப் பதில் இரண்டு, பிறகு மூன்று என்று. இப்படி ஒரு பத்து நாளில் பழக்கியபின் கழற்றி, அலசி, வெயில் படாத இடத்தில் மடித்து வைத்தால் அதே வலை அடுத்த கத்திரிக்கும் உதவும்.